ஒரு 3, ஒரு 8, என் ரெக்கார்ட் நோட்டு

திங்கட்கிழமை ரெக்கார்ட் வைத்தாக வேண்டும். வெள்ளி சாயங்காலம் மேடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டார். கல்லூரி டேலண்ட் போட்டியின் மதிப்பெண் தாள். பத்துப் போட்டியாளர்கள், இரண்டு நடுவர்கள், ஆளுக்கு 50 மதிப்பெண். "இரண்டு பேருக்கும் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவு கண்டுபிடித்து வாருங்கள்." இருவர் போட்ட ரேங்க் வரிசை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் கணக்கு அது. பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதானே, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஞாயிறு ராத்திரி வரை இழுத்தது.

போட்டோவை எடுத்தது யாரென்று தெரியவில்லை, ஆனால் டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து எடுத்திருக்கிறார். தாளின் நடுவில் வெள்ளையாக ஒரு பளபளப்பு. வலது ஓரத்தில் இருந்த மொத்தம் என்ற பத்தி பாதியோடு வெட்டுப்பட்டு, பத்தாம் இலக்கம் மட்டும் தெரிந்தது. வாட்ஸ்அப் வேறு சுருக்கி அனுப்பியதால், பெரிதாக்கினால் எண்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. எப்படியோ படித்து எக்செலில் ஏற்றினேன்.

முதல் சறுக்கல் ரேங்க் போடும்போது. முதல் நடுவர் இரண்டு பேருக்கு 38 கொடுத்திருந்தார், இரண்டாமவர் மூன்று பேருக்கு 36. நான் அடித்தது `RANK.EQ`. அது சம மதிப்பெண் வாங்கிய எல்லாருக்கும் மேலே இருக்கும் ரேங்கையே கொடுத்துவிடும். 4, 5 என்ற இரண்டு இடங்களைப் பங்கு போட வேண்டியவர்களுக்கு ஆளுக்கு 4.5 வர வேண்டும், எனக்கு இரண்டு பேருக்கும் 4 வந்தது. நல்ல வேளை, இரண்டு ரேங்குகளின் வித்தியாசமான d பத்தியைக் கூட்டிப் பார்த்தேன். ரேங்க் சரியாக இருந்தால் இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை 55தான், எனவே d-க்களின் கூட்டல் பூஜ்யம் ஆகணும். எனக்கு 2 வந்தது. `RANK.AVG` என்று மாற்றியதும் பூஜ்யம்.

இங்கேதான் ஏமாந்தேன். பூஜ்யம் வந்துவிட்டதே, இனி எல்லாம் சரி என்று மேலே போய்விட்டேன். d வர்க்கங்களின் கூட்டல் 12.5. சம ரேங்குக்கான திருத்தம், இருவர் சமம் என்றால் (8−2)/12 = 0.5, மூவர் சமம் என்றால் (27−3)/12 = 2, ஆக 2.5, இரண்டும் சேர்ந்து 15. பத்துப் பேருக்குச் சூத்திரத்தில் வகுக்கும் எண் 10×99 = 990. விடை 1 − 6×15/990 = 0.909. இரண்டு நடுவர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் என்று வியாக்கியானம் வரை எழுதி முடித்தேன்.

சனிக்கிழமை காலை மனசு கேட்கவில்லை. மூன்றாம் வரிசை, மிமிக்ரி பண்ணின பையன். முதல் நடுவர் 38, இரண்டாமவரும் 38. பளபளப்பு சரியாக அந்த இரண்டாவது எண்ணின் மேல்தான் விழுந்திருந்தது. அசல் தாளையே பார்த்துவிடலாம் என்று பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபைல்ல போட்டாச்சும்மா. டிபார்ட்மென்ட்ல லெட்டர் வாங்கிட்டு வா." சனிக்கிழமை டிபார்ட்மென்ட்டில் யார் இருப்பார்கள்? பூட்டைப் பார்த்துவிட்டு, கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் தோழி ஒருத்தி, பரிசு அறிவித்த அன்று தானும் ஒரு போட்டோ எடுத்ததாக நினைவு வந்து அனுப்பினாள். அதில் பாதிப் பெயர்களை அவள் கட்டைவிரல் மறைத்திருந்தது, ஆனால் மொத்தம் பத்தி முழுசாக இருந்தது. மூன்றாம் வரிசையில் 71. 38-உம் 38-உம் 76. அப்படியானால் இரண்டாமவர் கொடுத்தது 33.

பழைய போட்டோவைத் திரும்பப் பார்த்தபோதுதான் என் கண் செய்த வேலை புரிந்தது. பக்கத்தில் முதல் நடுவர் எழுதிய 38-ஐப் பார்த்துவிட்டு, இதையும் அப்படியே படித்திருக்கிறேன். ஒப்பிட வேண்டியது பக்கத்துப் பத்தியோடு அல்ல, அதே நடுவரின் கையெழுத்தோடு. எட்டாம் வரிசையில் அவர் 43 எழுதியிருந்தார். அந்த 3-இன் கீழ் வளைவு உள்ளே சுருண்டு, கிட்டத்தட்ட மூடிக்கொண்டிருக்கும். மூன்றாம் வரிசையிலும் அதே சுருள்தான். மொத்தம் கிடைக்காவிட்டாலும் இதை வைத்தே சந்தேகப்பட்டிருக்கலாம்.

அப்புறம் பூஜ்யம் ஏன் என்னைக் காப்பாற்றவில்லை? எந்த எண்ணைத் தப்பாகப் படித்தாலும், ரேங்கை ஒழுங்காகப் போட்டால் 55 தான் வரும். d-க்களின் கூட்டல் ரேங்க் போட்ட விதத்தைத்தான் சோதிக்கும், படித்த எண்ணை அல்ல. அதற்கு மொத்தம் பத்தி ஒன்றே காவல். யாராவது இப்படிப் போட்டோ எடுத்தால் தயவுசெய்து அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.

திருத்திய தரவு இது, ஒன்று முதல் பத்து வரை:

```
நடுவர் 1: 42 35 38 31 45 38 29 40 33 27
நடுவர் 2: 44 36 33 30 41 40 36 43 36 25
```

மிமிக்ரி பையன் முதலாமவரிடம் 4.5, இரண்டாமவரிடம் 8. இடைவெளி 3.5, வர்க்கம் 12.25. முன்பு தப்பாகப் படித்தபோது அந்த வரிசையின் பங்கு வெறும் 0.25. அவன் கீழே இறங்கியதால் 36 வாங்கிய மூவரும் 7-லிருந்து 6-க்கு ஏறினார்கள். அதில் கானா பாடின ஏழாம் எண்காரரின் வர்க்கம் 4-லிருந்து 9 ஆயிற்று. மொத்த d வர்க்கம் 29.5, திருத்தத்தோடு 32. விடை 1 − 192/990 = 0.806. ஒரே ஒரு இலக்கம், 0.909 எங்கே, 0.806 எங்கே!

சரி, முடிந்தது என்று சரிபார்க்க, ஒட்டுறவை நேராகவே கணக்கிடும் CORREL-ஐ எக்செலில் ரேங்க் பத்திகளுக்கு (D, E) போட்டேன்:

```
=CORREL(D2:D11,E2:E11)
```

0.818 வந்தது. வயிற்றைக் கலக்கியது. இரண்டு மணி நேரம் ஒவ்வொரு ரேங்காகத் தேடினேன், தப்பே இல்லை. தப்பு என்னிடம் இல்லை என்று புரிய ராத்திரி ஆகிவிட்டது.

பத்துப் பேருக்குச் சமமே இல்லாமல் ரேங்க் போட்டால், சராசரியிலிருந்து விலகல் வர்க்கங்களின் கூட்டல் 82.5. சமம் வந்தால் இது குறையும். முதல் நடுவருக்கு 0.5 குறைந்து 82, இரண்டாமவருக்கு 2 குறைந்து 80.5. திருத்தத்தில் வரும் அதே 0.5-உம் 2-உம்தான். பாடப்புத்தகச் சூத்திரத்தை விரித்தால் மேலே 66.5 வருகிறது, CORREL-இலும் மேலே 66.5. கீழேதான் வித்தியாசம். CORREL வகுப்பது 82, 80.5 இரண்டின் பெருக்கல் சராசரியால், அதாவது சுமார் 81.25-ஆல், புத்தகம் சமமே இல்லாதது போல 82.5-ஆலேயே வகுக்கிறது. அதனால் புத்தக விடை கொஞ்சம் சின்னதாக வரும். சமம் இல்லாத தரவில் இரண்டும் ஒன்றே. நடுவர் ஒருவர் பாதிப் பேருக்கு ஒரே மதிப்பெண் போட்டிருந்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும், அங்கே நான் CORREL-ஐத்தான் நம்புவேன்.

பரீட்சை விடைக்குறிப்பில் 0.806தான் இருக்கும் என்பதால் ரெக்கார்டில் அதை விடையாக எழுதி, கீழே 0.818-ஐயும் காரணத்தையும் நான்கு வரியில் சேர்த்தேன். திங்கட்கிழமை மேடம் 0.806-க்கு டிக் போட்டார். 0.818 பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. 66.5-ஐ 82.5-ஆல் ஒரு தடவை, 81.25-ஆல் ஒரு தடவை வகுத்துக் காட்டினேன். தன் கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, கேள்விக்குறியை அடித்துவிட்டார். "அது சரி, மூணாவது வரிசை 33-னு எப்படிக் கண்டுபிடிச்ச? நான் 38-னுல்ல வச்சிருந்தேன்" என்றார்.