வலி தணிந்த பிறகும் நிற்கும் கட்டி

மார்பக வலியோடு எங்கள் அறுவைச் சிகிச்சைப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெண்களிடம், வலி எங்கே என்று காட்டச் சொல்லிவிட்டு அவர்களுடைய கையைத்தான் முதலில் கவனிப்பேன். மாதவிலக்கை ஒட்டி வரும் வலியென்றால் பெரும்பாலோர் உள்ளங்கையை விரித்து, மார்பகத்தின் மேற்புறத்திலிருந்து அக்குள்வரை தடவிக் காட்டி, இரண்டு பக்கமும் கனக்கிறது என்பார்கள். கருமுட்டை வெளியான பின் ஹார்மோன்களின் தூண்டுதலால் சுரப்பித் திசு நீர் கோத்து வீங்குவதால், அந்த நாட்களில் தொட்டுப் பார்த்தால் ஊறிய கொண்டைக்கடலை நிரம்பிய பையைப் போல முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். மாதவிலக்கு வந்த சில நாட்களில் இது பெரும்பாலும் தணிந்துவிடும்.

தையல் வேலை செய்யும் 34 வயதுப் பெண் ஒருவர், விலக்குக்குச் சில நாட்கள் முன்பு இப்படித்தான் வந்தார். அவர் காட்டிய மேற்புறத்தில் இருபக்கமும் முடிச்சுகள் இருந்தன. ஆனால் அவர் வலிப்பதாகச் சொல்லாத இடது மார்பகத்தின் கீழ் உட்புறத்தில், விரல்களைத் தட்டையாக வைத்து அழுத்தியபோது வேறொன்று தட்டுப்பட்டது. வலது பக்கத்தில் அதே இடத்தில் அப்படி எதுவும் இல்லை. வீக்கத்தினால் அதன் விளிம்பு தெளிவாகப் பிடிபடாததால், விலக்கு தொடங்கிய ஏழாம் நாள் வரச் சொல்லித் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தேதி குறிக்காமல் “பிறகு வாருங்கள்” என்று அனுப்பப்படுபவர்களில் பலர், வலி நின்றதும் வருவதில்லை.

“வலியெல்லாம் போயிடுச்சு டாக்டரம்மா, இனி ஸ்கேன் எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். மேற்புற முடிச்சுகள் இளகியிருந்தன. கீழே இருந்தது மட்டும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவில், சுற்றியுள்ள திசுவிலிருந்து தனித்து, அப்படியே நின்றது. புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதால், வலி போனது இந்தக் கட்டியைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று அவருக்கு விளக்கினேன்.

மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தோம். 30 வயதுக்குக் குறைவானவர்களுக்குத் திசு அடர்த்தியாக இருப்பதால் அல்ட்ராசவுண்டிலிருந்தே தொடங்குவோம். 40ஐத் தாண்டியவர்களுக்கு இரண்டும் தேவை. இவருக்கு வழுவழுப்பான விளிம்புடன் நீள்வட்டமாகத் தெரிந்தது. கையில் நழுவும் கட்டி தீங்கற்றது என்று விரலை மட்டும் நம்பிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சில புற்றுக்கட்டிகளும் வழுவழுப்பாகவே இருக்கும். ஆகவே மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் சதை எடுத்து அனுப்பினோம். ஃபைப்ரோஅடினோமா என்னும் புற்றல்லாத கட்டி என்று முடிவு வந்தது. அகற்ற வேண்டியிருக்கவில்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் செய்யச் சொன்னேன்.

இப்படிக் காத்திருப்பது எல்லாருக்கும் பொருந்தாது. மாதவிலக்கு நின்றவருக்குப் புதிதாகக் கட்டி வந்தாலோ, கட்டியின் மேல் தோல் குழிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளிழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ அன்றே படப் பரிசோதனைக்கு எழுதிவிடுகிறேன். கையில் தெளிவாகத் தட்டுப்படும் கட்டி மேமோகிராமில் தெரியாமல் போவதும் உண்டு. அப்போது “நார்மல்” என்ற அறிக்கையோடு வீட்டுக்கு அனுப்பாமல், அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் செய்கிறோம்.