வட்ட வட்டமாய் முளைத்த கேரட்

கோத்தகிரிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் அடுக்கு நிலம். தங்கச்சியின் வேளாண் டிப்ளமோ புத்தகத்தைத் தூசி தட்டி, மூன்று பாடங்களை ஒரே தாளில் சுருக்கிக்கொண்டேன்.

| மண் | தண்ணீர் | பாசனம் | சுழற்சி |
|---|---|---|---|
| வண்டல் | நிற்கும் | வாய்க்கால் | நெல், நெல், உளுந்து |
| கரிசல் | பிடித்துவைக்கும் | சால் | பருத்தி, சோளம், கொண்டைக்கடலை |
| செம்மண் | ஓரளவு வடியும் | சொட்டுநீர் | நிலக்கடலை, கம்பு, துவரை |
| சரளை (மலை) | வேகமாக வடியும் | தெளிப்பு | உருளை, பீன்ஸ், கேரட் |

கடைசி வரிதான் என் நிலம். அதை நம்பாமல் பாட்டில் சோதனை செய்தேன். மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், மணல் அடியிலும் களி மேலேயும் படியும். ஆறு செ.மீ. படிவில் களி அரை செ.மீ.தான். சலவைத்தூள் ஒரு சிட்டிகை சேர்த்துக் குலுக்கியபோது களி இரண்டு செ.மீ. ஆகிவிட்டது! மூன்றில் ஒரு பங்கு களி என்றால் தண்ணீர் பக்கவாட்டில் பரவும், புத்தகம் தப்பு என்று முடிவுகட்டி, 60 செ.மீ. இடைவெளியில் சொட்டுக்குழாய் போட்டுக் கேரட் விதைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பார்த்தால், ஒவ்வொரு சொட்டுவாய்க்கும் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பச்சை. நடுவில் மண் புழுதியாகக் கிடந்தது. தோண்டிப் பார்த்தேன். ஈரம் கேரட்டைப் போலவே குறுகலாக, நேராகக் கீழே இறங்கியிருந்தது.

இந்த மண்ணில் இரும்பு ஆக்சைடு களித்துகள்களை ஒட்டவைத்துக் குருணையாக்கிவிடுகிறது. அந்தக் குருணைகள் மணல் மாதிரிதான் நடந்துகொள்ளும், இடுக்கு வழியே தண்ணீர் ஓடிவிடும். சலவைத்தூள் அந்த ஒட்டைப் பிரித்துவிட்டது. எவ்வளவு களி என்பதை இரண்டாவது பாட்டில் சொன்னது, தண்ணீர் எப்படிப் போகும் என்பதை முதல் பாட்டிலே சொல்லிவிட்டது. மறுவிதைப்புக்குத் தெளிப்பான் வைத்து, முளைக்கும் வரை தினமும் கொஞ்சநேரம் ஓட்டினேன். வரிசை ஒழுங்காக வந்தது.

சுழற்சியில் நானே ஒரு மாற்றம் செய்யப் பார்த்தேன். உருளை எடுத்த இடத்தில் தக்காளி. பக்கத்துத் தோட்டத்து அண்ணன்தான் தடுத்தார்: "தம்பி, உருளைப் புழுவுக்குத் தக்காளியும் கத்தரியும் ஒரே சோறு!" அவர் சொன்னது முட்டைக்கூட்டு நூற்புழு. நீலகிரியில் 1961லேயே கண்டுபிடித்தது. அங்கங்கே திட்டாகச் செடி குட்டையாகி மஞ்சளித்தால், பூக்கும் சமயத்தில் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டுமாம். கசகசாவை விடச் சின்னதாகப் பொன்னிற மணிகள் ஒட்டியிருந்தால் அதுதான். அந்த மணிகளுக்குள் இருக்கும் முட்டைகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும், ஒரு போகம் பீன்ஸ் போட்டுவிட்டுத் திரும்ப உருளைக்கு வந்தால் பசியோடு காத்திருக்கும்.

அதனால் அந்தப் பாத்தியில் பீன்ஸ், கேரட், பூண்டு என்று மூன்று வருஷம் ஓட்டப் போகிறேன். தாளில் "உருளை" என்ற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.