ஐந்து வாக்கிய மெயில், அதற்கு முன் சொதப்பிய இரண்டு

ஆறு ஆலைகளின் உற்பத்திப் பொறுப்பு என்னுடையது. கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் பழைய ஈஆர்பி மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதற்கு மாற வேண்டிய நேரம் வந்தது. ஆறையும் ஒரே இரவில் மாற்றுவதா, ஒவ்வொன்றாக மாற்றுவதா என்பதுதான் கேள்வி. மென்பொருள் விற்றவர்கள் ஒன்று சொன்னார்கள், ஆலோசகர்கள் வேறொன்று சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் அவரவர் லாபம் இருந்தது. அந்த வலியை ஏற்கெனவே பட்ட ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அப்படி ஒருவர் இருந்தார். எங்களுக்குப் போட்டியில்லாத வேறொரு துறையில், என் பதவிக்கு இணையான பதவியில் இருப்பவர். அவர்கள் இதே மாற்றத்தை முந்தைய ஆண்டு முடித்ததாக அவர்களின் ஆண்டறிக்கையில் ஒரு வரி இருந்தது. எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது.

முதல் மெயிலை எங்கள் தகவல் தொடர்புப் பிரிவு எழுதிக் கொடுத்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் நிறுவனத்தின் வரலாறு ஒரு பத்தி, அவர்களுடைய சாதனைகளுக்குப் பாராட்டு ஒரு பத்தி, பிறகு ஒன்பது கேள்விகள், 45 நிமிடச் சந்திப்புக்கு நாள் தேர்ந்தெடுக்க ஒரு இணைப்பு, கூடவே எங்களைப் பற்றிய பிரசன்டேஷன். என் பெயரில், ஆனால் அவர்கள் செய்திமடல் அனுப்பும் மென்பொருள் வழியாகப் போனது. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது, அவரிடமிருந்து அல்ல, அவர்களுடைய கொள்முதல் பிரிவிலிருந்து. எங்களை வெண்டராகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி ஒரு படிவம்! சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் தவறு அவர்களுடையது இல்லை. பாராட்டு, நிறுவன வரலாறு, சந்திப்பு இணைப்பு, இணைப்புக் கோப்பு என்று விற்பனைக் கடிதத்தின் அத்தனை அங்க அடையாளமும் அதில் இருந்தது. அவருடைய உதவியாளர் அதை அதற்குரிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

சரி, சுருக்கமாக எழுதிவிடுவோம் என்று அடுத்ததை நானே கைபேசியிலிருந்து அடித்தேன். ‘வணக்கம். ஒரு விஷயமாக உங்களிடம் பேச வேண்டும். இந்த வாரம் நேரம் இருக்குமா?’ அவ்வளவுதான். மறுநாள் காலை எங்கள் பாதுகாப்புக் குழுவிலிருந்து அழைப்பு. “சார், உங்க மெயில் யாராவது கையில மாட்டியிருக்கா? அந்தக் கம்பெனியிலிருந்து ஃபிஷிங்னு புகார் வந்திருக்கு.”

பெரிய பதவியில் இருப்பவர் பெயரில், விஷயம் என்னவென்றே சொல்லாமல், ‘நேரம் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டு வரும் மெயில் மோசடிக்காரர்களின் வழக்கமான முதல் அடி. பதில் போட்டால் அடுத்த மெயிலில் பணம் கேட்பார்கள். எங்கள் ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் நாங்களே இதைப் பாடமாக எடுக்கிறோம், அதையே நான் செய்திருக்கிறேன். சொற்களைக் குறைக்கிறேன் என்று விஷயத்தையே வெட்டி எறிந்திருந்தேன்.

மூன்றாவதற்கு எங்கள் நிதித் தலைவர் உதவினார். என் வரைவு இருநூறு சொல்லுக்கு மேல் இருந்தது. அவர் வைத்த சோதனை இதுதான்: “அவர் ஒரு மீட்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் கதவு திறப்பதற்குள் படித்துப் பதிலும் அடிக்க முடியுமா?” ஒன்பது கேள்விகளும் அங்கேயே அடிபட்டுப் போயின. எனக்கு மனசு வராமல் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது எங்கள் நிறுவன அறிமுகத்தைத்தான். கையெழுத்துக்குக் கீழே பதவியும் நிறுவனப் பெயரும் இருக்கிறதே, அதற்கு மேல் வேண்டுமென்றால் அவரே தேடிக்கொள்வார் என்று அதையும் எடுக்க வைத்தார். போனது இது:

பொருள்: ஈஆர்பி மாற்றம் – ஒரே நாளிலா, ஆலை ஆலையாகவா?

‘வணக்கம். எங்கள் ஆறு ஆலைகளைப் புதிய ஈஆர்பிக்கு மாற்றப் போகிறோம்; நீங்கள் சென்ற ஆண்டு இதை முடித்ததாக உங்கள் ஆண்டறிக்கையில் படித்தேன். ஒரே நாளில் மாற்றுவதா, ஒவ்வொன்றாக மாற்றுவதா என்று 18ஆம் தேதிக்குள் நான் முடிவு செய்ய வேண்டும். மறுபடி செய்வதானால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஒரு வரி பதிலே போதும். பேசுவது எளிது என்றால் 15 நிமிடம், நீங்கள் சொல்லும் நேரத்தில் நானே அழைக்கிறேன்.’

வணக்கத்தைச் சேர்க்காமல் ஐந்து வாக்கியம். என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினேன், இணைப்பு எதுவும் இல்லை. ஆண்டறிக்கை பற்றிய அந்த அரை வரிதான் இரண்டாவது மெயிலில் இல்லாமல் போனது. ஏன் அவரிடம், ஏன் இப்போது என்பதற்கு அது பதில் சொல்லிவிடுகிறது, பெரும்பாலான மோசடிக்காரர்கள் அவ்வளவு மெனக்கெட்டு எழுத மாட்டார்கள். தேதியைப் போட்டது அவசரப்படுத்த அல்ல. அது தாண்டிவிட்டால் பதில் தேவையில்லை என்று அவரே தெரிந்துகொண்டு, குற்ற உணர்வில்லாமல் விட்டுவிடலாம்.

அன்று மாலையே பதில் வந்தது. ‘ஒவ்வொன்றாக. ஆனால் ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் நேரத்தை ஒட்டி வேண்டாம். வியாழன் 8.15க்குக் கூப்பிடுங்கள்.’

அழைப்பு 20 நிமிடத்துக்கு மேல் போனது, நீட்டியது அவர்தான். ஒவ்வொன்றாக மாற்றும்போது பாதி ஆலைகள் பழைய மென்பொருளிலும் பாதி புதியதிலும் ஓடும் அல்லவா, அந்த இடைக்காலத்தில்தான் அவர்கள் தவித்திருக்கிறார்கள். ஒரு ஆலையிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு போனால் பழைய கணக்கில் கழிந்திருக்கும், புதிய கணக்கில் ஏறியிருக்காது. வழியில் இருக்கும் சரக்கு இரண்டிலும் இல்லாமல் தொங்கும். இரண்டையும் இணைக்க எழுதிய தற்காலிக நிரல்தான் திட்டத்திலேயே அதிக நேரத்தைத் தின்றதாம். “ஒன்றுக்கொன்று அதிகம் சரக்கு அனுப்பிக்கொள்ளும் ஆலைகளை ஒரே கட்டத்தில் வையுங்கள், நாங்கள் ஊர்வாரியாகப் பிரித்துக் கெட்டோம்” என்றார்.

இதை அவர் ஒருபோதும் எழுத்தில் தந்திருக்க மாட்டார். தன் நிறுவனத்தில் எது சொதப்பியது என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு மெயிலில் எழுதுவதற்கு யாருக்கும் துணிவு வராது. என் ஒன்பது கேள்விகளில் ஐந்து அதைத்தான் கேட்டிருந்தன. அவர் அவற்றைப் படித்திருந்தால்கூட, சட்டப் பிரிவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் முடிந்திருக்கும். மென்பொருளுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்ற கேள்வியும் அதில் இருந்தது. விலையைப் பெரும்பாலும் ஒப்பந்தமே ரகசியமாக்கி வைத்திருக்கும், நல்லவேளை மூன்றாவது மெயிலில் அதைக் கேட்கவில்லை. இதுவே போட்டி நிறுவனமாக இருந்திருந்தால், ஐந்து வாக்கியமாக இருந்தாலும் எங்கள் வழக்கறிஞர் பார்க்காமல் அனுப்பியிருக்க மாட்டேன்.

ஆலைகளை மூன்று கட்டமாகப் பிரித்தோம், சரக்குப் போக்குவரத்தை வைத்து. முடிவானதும் அவருக்கு இரண்டு வரி எழுதினேன், என்ன முடிவெடுத்தோம், அவர் சொன்ன எது அதை மாற்றியது என்று. ‘நல்லது’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. சில மாதம் கழித்து ஒரு கிடங்குத் தானியங்கி இயந்திரம் பற்றி அவரே என்னைக் கேட்டார், மூன்று வரியில்.

அந்த வெண்டர் பதிவுப் படிவத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. நினைவூட்டல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.