தங்கையின் மோதிரத்தில் எண்ணைத் தேடிய மத்தியானம்

தங்கை நிச்சயதார்த்தத்துக்காகக் கும்பகோணத்தில் ஒரு கடையில் 30 சென்ட் வைர மோதிரம் வாங்கினோம். வைரத்தைப் பரிசோதித்துத் தரம் சொல்லும் ஜி.ஐ.ஏ. நிறுவனத்தின் ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள், அதில் கல்லின் விளிம்பில் GIA என்ற எழுத்தும் பத்து இலக்க எண்ணும் லேசரால் பொறித்திருப்பதாக இருந்தது. சரி, அந்த எண் இந்தக் கல்லில்தான் இருக்கிறதா என்று நானே பார்த்துவிடலாம் என 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சிறு பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. லூப்பைக் கல்லருகே வைத்துவிட்டுத் தலையைத் தூரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. கண்ணோடு ஒட்டினாற்போல லூப்பை வைத்து, முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றி, மோதிரத்தைத்தான் ஏறக்குறைய ஒரு அங்குலம் வரை கொண்டுவர வேண்டும். மேலிருந்து பார்த்தும் பயனில்லை, எழுத்து இருப்பது கல்லின் இடுப்பு மாதிரி சுற்றி ஓடும் மெல்லிய பட்டையில். மோதிரத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளுக்கு நடுவே தெரியும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவிய பிறகுதான் பட்டையே தெளிவாகத் தெரிந்தது, கை எண்ணெய் அவ்வளவு படிந்திருந்தது.

வெயிலில் வைத்தால் பளபளப்பில் எதுவும் தெரியாது. திண்ணையில் நிழலில் உட்கார்ந்து, பின்னால் கறுப்புத் துணி வைத்து, மெதுவாகச் சாய்த்தபோது ஒரு கோணத்தில் மட்டும் மங்கலான வெள்ளைக் கோடுகளாக எண் வந்தது. ஒரு மயிரளவு அசைத்தால் மறைந்துவிடுகிறது!

படித்தால் பொருந்தவில்லை. ரிப்போர்ட்டில் '16' இருக்கும் இடத்தில் எனக்கு '91'. வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் பார்த்தால் பக்கத்தில் L மாதிரி ஒன்று, எண்ணில் ஏது L? அது தலைகீழாக நிற்கும் 7. GIA என்ற எழுத்தும் முதல் இரண்டு இலக்கங்களும் கொக்கிக்கடியில் மறைந்திருந்ததால் எது மேல், எது கீழ் என்றே புரியாமல் போயிருக்கிறது. மோதிரத்தைத் திருப்பிப் பிடித்ததும் மீதி எட்டு இலக்கமும் வரிசையாகப் பொருந்தின.

மறைந்த இரண்டுக்காக இன்னொரு சோதனையும் செய்தேன். எண்ணை யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாமே, இயற்கைக் கல்லின் ரிப்போர்ட் எண்ணை ஆய்வகத்தில் வளர்த்த கல்லில் பொறித்து ஏமாற்றியதும் நடந்திருக்கிறது. தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். "எண்ணை விடுங்க தம்பி, கல்லை அளந்து பார்ப்போம்" என்றார். விட்டம் 4.3 மில்லிமீட்டர், ரிப்போர்ட்டிலும் 4.30 - 4.32. ரிப்போர்ட் படத்தில் விளிம்பருகே குறித்திருந்த சிறு கீறல் லூப்பில் அதே இடத்தில் தெரிந்தது. கல் இயற்கையானதா என்பதை மட்டும் லூப்பில் சொல்ல முடியாது, அதற்கு மெஷின் வேண்டும் என்றார் அவர். அதற்குத் தஞ்சாவூர் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தங்கை மட்டும் மோதிரத்தைக் கழற்றித் தர மாட்டேன் என்கிறாள்.