ஏற்றமும் இறக்கமும்: கூட்டி ரெண்டால் வகுக்காதீங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ரோடு பெரும்பாலும் சமதரை. சைக்கிள்ல போக ரெண்டு மணி நேரம்னா, காத்து எதிர்க்காத வரைக்கும், திரும்பவும் ஏறக்குறைய அதேதான். அந்தப் பழக்கத்துல சிறுமலை, கொடைக்கானல் போறப்போதான் கணக்கு தப்புது.

24 கிலோமீட்டர் மலைப்பாதைன்னு வைங்க. ஏறும்போது சராசரி வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர், இறங்கும்போது 24. பலர் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி 16னு எடுத்துக்கிறாங்க. போக வர 48 கிலோமீட்டர், அப்போ மூணு மணி நேரம் போதும்னு கிளம்பிடுறாங்க.

ஆனா ஏறவே 24/8 = 3 மணி நேரம் ஆகுது. இறங்க 1 மணி. மொத்தம் 4 மணி, உண்மையான சராசரி 12தான். 16 வரணும்னா கண் இமைக்கிற நேரம்கூட ஆகாம கீழ வந்து சேரணும்! மெதுவான வேகத்துல நாம அதிக நேரம் இருக்கோம், அதனால சராசரி அந்தப் பக்கமே சாயும்.

இறக்கத்துல வேகமா வந்து சரிக்கட்டலாம்னு நினைக்காதீங்க. 24ஐ 32 ஆக்கினா மிச்சம் 15 நிமிஷம்தான், கொண்டை ஊசி வளைவுல ஆபத்து வேற. ஏற்றத்துல 8ஐ 9 ஆக்கினாலே 20 நிமிஷம் மிச்சம். பின்னாடி பெரிய பல்சக்கரம் மாட்டுறதுக்குச் செலவு பண்ணுங்க.

இன்னொண்ணு: சைக்கிள் மீட்டர் பல, நிக்கிற நேரத்தைக் கணக்குல சேர்க்காது. டீ, தண்ணி நேரத்தைத் தனியா கூட்டிக்கோங்க.