நடன வீடியோ: பாதம் தெரிந்தால்தான் தாளம் பிடிபடும்

தங்கை ஆடுகிறாள், போனில் படமெடுப்பது நான். மூன்றரை நிமிடப் பாட்டு, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட், தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். இப்போதைக்கு ஓரளவு கைகூடி வந்திருக்கிறது.

0.5x லென்ஸில் சின்ன அறையிலும் முழு உருவம் அடங்கிவிடும். ஆனால் ஓரத்துக்குப் போகும் கை இழுத்துவிட்ட மாதிரி நீளும். அதனால் 1x-லேயே வைத்து, போனைப் படுக்கைவாட்டில் மாட்டி, ஸ்டாண்டை நாலு மீட்டர் பின்னால் தள்ளினேன். உயரம் இடுப்பளவு. கண் உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கால் குட்டையாகத் தெரிகிறது. ஆள் சும்மா நிற்கும்போது ஃபிரேம் சரியாக இருந்தால் போதாது. கையை முழுசாகத் தூக்கச் சொல்லி மேல்பக்கத்தையும், அவள் அதிகபட்சம் முன்னால் வரும் இடத்தில் நிற்க வைத்துக் கீழ்பக்கத்தையும் பார்த்துக்கொண்டேன். அந்த இடத்தில் தரையில் ஒரு டேப். அதைத் தாண்டினால் பாதம் வெட்டுப்படும்.

கண்ணாடி முன் பழகியதில் ஒரு சிக்கல் உண்டு. திரும்பும் ஒவ்வொரு முறையும் பார்வை தன் முகத்தைத் தேடிப் போகும். வீடியோவில் அது அப்பட்டமாகத் தெரியும். கடைசிக் கட்டத்தில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, போனைப் பார்த்தபடி ஆட வைத்தேன். பதிவைப் பார்த்துவிட்டு, "பக்கம் மாறிப் போச்சே அண்ணா!" என்றாள். மாறவில்லை. கண்ணாடியில் வலது கை வலப்பக்கமே தெரியும், வீடியோவில் இடப்பக்கம் தெரியும். அவள் திருத்தம் பார்ப்பதற்கு மட்டும் இடவலமாகப் புரட்டிய ஒரு பிரதி கொடுக்கிறேன்.

அப்புறம் பாட்டு. ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். ஆனால் அவள் ஆடுவது காதில் விழும் ஒலிக்குத்தான், போனின் மைக்கும் அதையேதான் பதிகிறது. எனவே எடிட்டிங்கில் மைக் பதிவின் அலைவடிவத்தோடு பாட்டின் மூல ஃபைலைப் பொருத்திவிட்டு மைக் ஒலியை அணைத்தால் போதும். ப்ளூடூத் தாமதத்தைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பொருந்தியதா என்று பார்க்கப் பாதம்தான் உதவுகிறது. கை அசைவு எந்தக் கணத்தில் முடிகிறது என்று சொல்வது கஷ்டம். பாதம் தரையைத் தொடும் ஃபிரேம் பளிச்சென்று தெரியும். தொடக்கத்தில் ஒரு மிதி, கடைசியில் ஒரு மிதி, இரண்டையும் தாளத்தோடு ஒப்பிட்டேன். தொடக்கம் கச்சிதம், கடைசியில் மூன்று நான்கு ஃபிரேம் விலகல். பல போன்கள் ஃபிரேம்களைச் சீரான இடைவெளியில் பதிவதில்லை, சில எடிட்டர்கள் அதைச் சரியாகக் கையாள்வதில்லை. எடிட்டரில் போடுமுன் ffmpeg கட்டளையால் சீராக வினாடிக்கு 30 ஃபிரேமாக மாற்றியதும் விலகல் போய்விட்டது:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:a copy out.mp4
```

இனி பக்கவாட்டில் ஒரு போன் வைக்க வேண்டும். காலைப் பின்னால் வைக்கும் அசைவுகளில், நேர்க் கோணத்தில் ஒரு கால் மற்றதை மறைத்துவிடுகிறது.