9 மாறிகள், 46 வரிசைகள்: என் இறுதியாண்டு ஆய்வேடு சுருங்கிய கதை

இளநிலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு நான் முதலில் வைத்த தலைப்பு இது: ‘சமூக ஊடகமும் வாழ்க்கைமுறையும் மாணவர் கல்வித்திறனில் ஏற்படுத்தும் தாக்கம்’. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேள்வித்தாளை 61 பேர் நிரப்பிக் கொடுத்தார்கள். தூங்கும் நேரம், போன் பார்க்கும் நேரம், அதில் சமூக ஊடகத்துக்குப் போகும் நேரம், படிக்கும் நேரம், பயண நேரம், 10 கேள்விகள் கொண்ட மனஅழுத்த மதிப்பெண், எந்தத் துறை என்று எல்லாம் கேட்டிருந்தேன். முந்தைய பருவத்தின் சராசரி மதிப்பெண்ணையும் ஒரு தகவலுக்காகக் கேட்டு வைத்திருந்தேன். அதுதான் கடைசியில் என்னைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

தரவு கைக்கு வந்த அன்றே, முந்தைய பருவ மதிப்பெண் தவிர மற்ற எல்லாவற்றையும் வைத்து இந்தப் பருவ மதிப்பெண்ணைக் கணிக்கும் ஒரே ரிக்ரஷனில் போட்டேன். மதிப்பெண் வேறுபாட்டில் எத்தனை பங்கை மாறிகள் விளக்குகின்றன என்று காட்டும் R² 0.31 வந்தது. உறவே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய எண் வரும் வாய்ப்பைச் சொல்லும் p மதிப்பு, போன் நேரத்துக்கு 0.03. போன் நேரத்தின் குறி நேர்குறி, அதாவது போன் அதிகம் பார்ப்பவர்களுக்கு மதிப்பெண் அதிகம். வித்தியாசமாக இருந்தாலும் ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று நினைத்து, அதற்கு விளக்கமாக ஒன்றரைப் பக்கம் எழுதியும் விட்டேன். போனில் பாடக் குறிப்புகள் படிக்கிறார்கள், குழுவாக விவாதிக்கிறார்கள் என்று கற்பனை தாராளமாக ஓடியது.

என் வழிகாட்டி மேடம் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. R மென்பொருள் கொடுத்த முடிவுத்தாளைத் திருப்பி, அடியில் இருந்த ஒரு வரியைப் பேனாவால் சுற்றினார்:

```
(15 observations deleted due to missingness)
```

“உன்கிட்ட எத்தனை பேர் இருக்காங்க?” என்று கேட்டார்.

“61 மேடம்.”

“இங்க 46 பேர்தான் இருக்காங்க. மாறி எத்தனை?”

“ஏழு.”

“ஒன்பது.”

இரண்டிலும் அவர் சொன்னதுதான் சரி. ஒரு வரிசையில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மென்பொருள் அந்த ஆளையே கணக்கிலிருந்து எடுத்துவிடும். மனஅழுத்தக் கேள்விகளில் ஒன்றை விட்டவருக்குக்கூட மொத்த மதிப்பெண் காலிதான். பயண நேரத்தைப் பலர் எழுதவே இல்லை. இப்படி 15 பேர் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தார்கள். மாறிகளின் கணக்கும் அப்படித்தான். துறை என்பது எனக்கு ஒரே கேள்வி. ஆனால் நான்கு துறைகள் இருந்தால் ரிக்ரஷனுக்குள் அது மூன்று நெடுவரிசைகளாகப் போகும், ஒவ்வொன்றும் மதிப்பிட வேண்டிய ஒரு எண். ஆக ஆறும் மூன்றும் ஒன்பது.

ஒரு மாறிக்குக் குறைந்தது 10 முதல் 20 பேர் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது கறாரான சட்டம் இல்லை, உத்தேசக் கணக்கு. 46 பேருக்கு அந்தக் கணக்குப்படி இரண்டு, மூன்று, இழுத்துப் பிடித்தால் நான்கு மாறிகள். நான் ஒன்பது வைத்திருந்தேன். “R² 0.31 வந்திருக்கே மேடம்” என்று கடைசியாக ஒரு முறை வாதாடிப் பார்த்தேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மதிப்பெண் நெடுவரிசையை மட்டும் கலைத்துப்போட்டு மறுபடி ஓட்டிப் பார் என்றார்.

கலைப்பது என்றால், ஒருவரின் மதிப்பெண்ணை வேறொருவரின் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவது. அதன்பின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் எந்த உறவும் இருக்க வழியில்லை. முழுத் தகவல் இருந்த 46 வரிசைகளை மட்டும் `d` என்று வைத்துக்கொண்டு ஆயிரம் முறை ஓட்டினேன்:

```r
r2 <- replicate(1000, {
  d$y <- sample(d$mark)
  m <- lm(y ~ sleep + phone + social + study +
            travel + stress + dept, data = d)
  summary(m)$r.squared
})
mean(r2)
mean(r2 >= 0.31)
```

சராசரி R² ஏறக்குறைய 0.20. ஒன்றுமே இல்லாத இடத்தில் 0.20! முதலில் கோடில் பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை, அது கணக்கிலேயே இருக்கிறது: மாறிகளின் எண்ணிக்கையை (ஆட்கள் − 1) ஆல் வகுத்தால் 9/45, அதுதான் 0.20. சும்மா ஒன்பது நெடுவரிசைகளை வைத்திருந்தாலே அவ்வளவு கிடைத்துவிடும். கலைத்துப்போட்ட ஆயிரத்தில் நூறு முறைக்குப் பக்கமாக 0.31-ஐயும் தாண்டியிருந்தது. நான் பெருமையாகக் காட்டிய எண்ணைப் பத்துக்கு ஒரு முறை குருட்டு அதிர்ஷ்டமே கொடுத்துவிடும் என்று அர்த்தம். மாறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைத்துக் காட்டும் திருத்தப்பட்ட R² என்று பக்கத்திலேயே 0.14 இருந்தது. அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போயிருந்தேன், சின்ன எண் என்பதால்.

போன் விஷயமும் அதோடு விழுந்தது. ஒன்பது எண்களைச் சோதித்தால், எதிலும் உண்மை இல்லாவிட்டாலும் ஒன்றாவது வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே வர, ஒவ்வொன்றும் தனித்தனி என்று வைத்துக்கொண்டால், 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதுபோக, போன் நேரமும் சமூக ஊடக நேரமும் கிட்டத்தட்ட ஒரே விஷயம். ஒன்று கூடினால் மற்றதும் கூடும். அப்படிப்பட்ட இரண்டை ஒன்றாகப் போட்டால் ரிக்ரஷன் இரண்டுக்கும் பங்கு பிரிக்கத் திணறி, ஒன்றுக்கு நேர்குறியும் இன்னொன்றுக்கு எதிர்குறியும் கொடுத்துவிடலாம். சமூக ஊடகத்தை எடுத்துவிட்டு ஓட்டியதும் போனின் குறி மாறிவிட்டது. ஒன்றரைப் பக்கத்தை அழித்தேன்.

இதற்குள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கணினி தானாகவே மாறிகளைப் பொறுக்கித் தரும் படிப்படி முறையைப் போடச் சொன்னான் ஒரு நண்பன். அதே 46 பேரை வைத்து நல்ல p மதிப்புகளைப் பொறுக்கிவிட்டு, அதே 46 பேரை வைத்து அவற்றைச் சோதித்தால் எல்லாமே தேறத்தானே செய்யும். இன்னொருவர், மதிப்பெண்ணை 80-க்கு மேல், கீழ் என்று இரண்டாக வெட்டி லாஜிஸ்டிக் ரிக்ரஷன் செய்தால் சுலபம் என்றார். இது எனக்குப் பிடித்தேவிட்டது, பேரும் கொஞ்சம் கனமாக இருந்ததால். எண்ணிப் பார்த்தால் 80-க்கு மேல் 14 பேர்தான். லாஜிஸ்டிக்கில் கணக்கில் வருவது மொத்த ஆட்கள் அல்ல, இரு பக்கத்தில் சிறிய பக்கம் எவ்வளவு என்பதுதான். மாறிக்குப் பத்துப் பேர் என்றால் 14 பேருக்கு ஒரே ஒரு மாறி. அதோடு 79 எடுத்தவரும் 45 எடுத்தவரும் ஒரே கூடையில் விழுவார்கள். நடுவில் சரிபாதியாக வெட்டினாலே, இயல்நிலைப் பரவல் உள்ள தரவில் மூன்றில் ஒரு பங்குத் தகவல் போய்விடும். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் இருப்பவன் ஏன் அதைச் செய்ய வேண்டும்?

மேடம் கேட்டது முறையைப் பற்றியே அல்ல. “இந்தப் பருவ மதிப்பெண்ணை எது ரொம்ப நல்லா சொல்லும்?” என்றார். போன பருவ மதிப்பெண். அதுதான் என் ரிக்ரஷனில் இல்லவே இல்லை. நன்றாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர் ஒழுங்காகத் தூங்கவும் செய்யலாம். போன பருவத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் தூக்கத்தின் பேரில் நான் பார்ப்பது பழைய கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம். சரி, அப்படியானால் கேள்வியே மாறுகிறது: போன பருவத்தில் ஒரே அளவு எடுத்த இரண்டு பேரில், அதிகம் தூங்குபவர் இந்தப் பருவத்தில் அதிகம் எடுக்கிறாரா? ‘ஒரே அளவு எடுத்த இரண்டு பேர்’ என்று சொல்ல வேண்டியிருப்பதால்தான் ரிக்ரஷன் தேவைப்படுகிறது. அது இல்லையென்றால் சாதாரண ஒட்டுறவுக் கெழுவே போதும்.

மனஅழுத்தத்தை விட மனம் வரவில்லை. அந்தப் பத்துக் கேள்விகளைத் தட்டச்சு செய்யவே ஒரு வாரம் போயிருந்தது. ஆனால் விட்டதில் எதிர்பாராத ஒரு லாபம்: மாறிகள் குறைந்ததும் காலிக் கட்டங்களும் குறைந்து, 46 பேர் 54 ஆனார்கள். துறையையும் எடுத்துவிட்டேன். ஒரு துறையில் கறாராகத் திருத்துகிறார்கள் என்றால் அது போன பருவ மதிப்பெண்ணிலும் பெரும்பாலும் தெரிந்திருக்கும் என்பது என் நியாயம். முழுதாகத் தெரியாது, அதனால் வரம்புகள் பகுதியில் சொல்லிவிட்டேன்.

இப்போது 54 பேர், இரண்டு மாறிகள். போன பருவ மதிப்பெண் மட்டும் இருந்தபோது R² 0.39, தூக்கத்தைச் சேர்த்ததும் 0.42. ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கத்துக்கு 1.1 மதிப்பெண். 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் அளவுகளின் வீச்சு, −0.3 முதல் 2.5 வரை, p 0.12. கணித்த மதிப்பெண்ணுக்கும் உண்மை மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசங்களான எச்சங்களின் படத்தில் ஒரே ஒரு புள்ளி தனியாக நின்றது, 11 மணி நேரம் தூங்குவதாக எழுதியவர். அவரை எடுத்துவிட்டு ஓட்டினால் 1.1 என்பது 0.9 ஆனது. அவர் எழுதியது தவறு என்று சொல்ல ஆதாரம் இல்லாததால் வைத்துக்கொண்டு, இரண்டு எண்களையும் அட்டவணையில் கொடுத்தேன்.

p 0.12 என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. ஒன்றுமே கிடைக்காமல் ஆய்வேடா? “தூக்கத்துக்குத் தொடர்பு இல்லைன்னு எழுதாத. இருக்குன்னும் எழுதாத. இடைவெளியை எழுது” என்றார் மேடம். அப்படியே எழுதினேன்: இந்தத் தரவு, கொஞ்சம் பாதகம் என்பதிலிருந்து மணிக்கு இரண்டரை மதிப்பெண் லாபம் என்பது வரை எதையும் மறுக்கவில்லை. முதலில் ஒன்பது நெடுவரிசைகளோடு ஓட்டிப் பார்த்த பிறகுதான் இந்த ரிக்ரஷனுக்கு வந்தேன் என்பதையும் முறைகள் பகுதியில் ஒரு வரியில் சேர்த்தேன்.

தலைப்பும் மாறியது: ‘நான்கு துறை மாணவர்களின் தூக்க நேரத்துக்கும் பருவத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு: முந்தைய பருவ மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டு’. ‘தாக்கம்’ போய் ‘தொடர்பு’ வந்ததைக் கவனித்திருப்பீர்கள். ஒரே ஒரு முறை கேள்வித்தாள் கொடுத்து வாங்கிய தரவில் தாக்கம் என்று சொல்ல இடமில்லை.

வாய்மொழித் தேர்வில் ஒரு தேர்வாளர் நேராகவே கேட்டார்: “இன்னும் எத்தனை பேர் இருந்தால் உங்களால் முடிவு சொல்ல முடியும்?” இடைவெளியைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும், 54-க்கு 216 என்றேன். அப்போதும் மணிக்கு 1.1 மதிப்பெண் என்றே வந்தால் அந்த இடைவெளி 0.4 முதல் 1.8 வரை இருக்கும், பூஜ்யத்தைத் தொடாது. அவர் தன் தாளில் 216 என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு, என் இரண்டாவது அட்டவணையில் தசமப்புள்ளிகள் ஒரே சீராக இல்லை என்று காட்டினார்.